சந்திப் பிழை: எங்கே ஒற்று போடுவது?

“மூணு கட்டுரையிலும் சந்திப் பிழைன்னு மார்க் போயிடுச்சு சார். பயத்துல இப்போ எல்லா இடத்துலயும் ஒற்று போடுறேன்.”

கட்டுரைகளைப் படித்தேன். எழுத்து நன்றாகவே ஓடுகிறது, தடுமாற்றம் இரண்டே இடத்தில்தான். ஒன்று, ஐ, கு உருபுகளுக்குப் பிறகு க, ச, த, ப வந்தால் ஒற்று வேண்டும், நீங்கள் அதை விட்டுவிடுகிறீர்கள். ‘கடைக்கு போனேன்’ அல்ல, ‘கடைக்குப் போனேன்’. ‘பாடத்தை படித்தேன்’ அல்ல, ‘பாடத்தைப் படித்தேன்’. இன்னொன்று நேர் எதிர்: ‘படித்தப் பெண்’, ‘வந்தக் கடிதம்’ என்று எழுதுகிறீர்கள். படித்த, வந்த எல்லாம் பெயரெச்சம், அதற்குப் பின்னால் ஒற்று வராது, ‘படித்த பெண்’ போதும். ஆனால் ‘அந்த’ பார்க்க அதே மாதிரி இருந்தாலும் சுட்டு, அதனால் ‘அந்தப் பெண்’. குழப்பம் இங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைசிக் கட்டுரையில் ‘அரசு இளைஞர்களுக்கு வேலைக் கொடுக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தீர்கள், சிரித்துவிட்டேன். வேலைக் கொடுத்தால் அது வேல் + ஐ, அதாவது அரசு ஆளுக்கொரு வேலாயுதம் தருகிறது! உத்தியோகம் என்றால் ‘வேலை கொடுக்க’. அங்கே ஐ உருபு இல்லை, ‘வேலை’ என்ற சொல்லே ஐ ஓசையில் முடிகிறது, அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் அந்த ஐயை எடுத்துப் பாருங்கள்: ‘பாடத்தை’யில் எடுத்தால் பாடம் மிஞ்சும், வேலையில் எடுத்தால் நீங்கள் சொல்ல வந்த உத்தியோகம் போய் வேல்தான் மிஞ்சும், அதனால் அங்கே ஒற்று வேண்டாம். சரி, அடுத்த கட்டுரையில் இந்த இரண்டை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு அனுப்புங்கள்.