கேள்வி-பதில்: ‘கலர் போகவே போகாது’ என்று எழுதலாமா?

கேள்வி: பாசார் மாலாமில் ‘காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு’ என்று 89 வெள்ளிக்குக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பட்டு என்று நம்பி வாங்காதீர்கள். அந்தக் காசு பட்டு நூல் வாங்கவே காணாது. பார்க்க அழகாக இருக்கிறது, இரண்டு விசேஷத்துக்குக் கட்டினால் போதும் என்றால், பாலியஸ்டர் என்று தெரிந்தே வாங்குங்கள்.

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்தே கைத்தறிச் சேலை விற்கிறேன். காரைக்குடிப் பக்கத்து நெசவாளர் சங்கத்திலிருந்து 12 பருத்திச் சேலை வரவழைத்தேன். 60-ஆம் நம்பர் நூல் என்று பில்லில் இருக்கிறது. படத்துக்குக் கீழே ‘ப்யூர் ஹேண்ட்லூம், சூப்பர் குவாலிட்டி, பட்டு போல மென்மை, கலர் போகவே போகாது’ என்று எழுதினேன். அரக்கு நிறம் வாங்கிய ஓர் அக்கா, முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கிவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பொய் சொல்லி விற்க எனக்கு விருப்பமில்லை. எப்படித்தான் எழுதுவது?

பதில்: அந்த அக்காவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா, தங்கச்சி? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். விற்கிற பொருள் நாம் சொன்ன விவரப்படி இருக்க வேண்டும் என்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 வாங்குபவருக்குத் தரும் உத்தரவாதம். வீட்டிலிருந்து விற்றாலும் வியாபாரம் வியாபாரம்தான்.

திரும்பி வந்த சேலையை மறுபடி விற்காதீர்கள். மற்ற 11 சேலைக்கும் என்ன எழுதலாம் என்பதை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் நூல். முந்தானைக் குஞ்சத்தில் தொங்குவது பாவு நூல். அங்கிருந்து ஒன்றை எடுங்கள். முந்தானை ஓரத்தில் குறுக்கே ஓடும் ஊடை நூலில் ஒன்றை உருவுங்கள். இரண்டையும் இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துத் தனித்தனியாக எரியுங்கள். பருத்தி காகிதம் எரிவது போல் மணந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும். பட்டு என்றால் முடி பொசுங்கும் வாடை வரும். ஒரு நூலை மட்டும் எரித்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது. பாவில் ஒன்று, ஊடையில் வேறொன்று போட்டு நெய்வது சாதாரண வழக்கம். ரேயான் நூலும் பருத்தி போலத்தான் எரியும் என்பதால் சங்கத்துப் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சாயம். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, சேலையின் உடலில் பத்து முறை, கரையில் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த நிறத்துச் சேலைக்குச் ‘சாயம் இறங்கும்’ என்று எழுதியே ஆக வேண்டும். ஒவ்வொரு நிறத்தையும் தனியாகப் பாருங்கள். அரக்கு இறங்கினால் மஞ்சளும் இறங்கும் என்றில்லை. விற்கிற சேலையில் ஈரத்தைத் தேய்க்க வேண்டாம் என்று நினைத்தால், கூட வந்த ரவிக்கைத் துணியின் மூலையில் செய்து பாருங்கள்.

அப்புறம் சுருக்கம். ஏற்கெனவே ஒருமுறை துவைத்த சேலை என்பதால் அது கொஞ்சம் சுருங்கியிருக்கும். அதனால் துவைக்காத வேறொரு சேலையின் நீளத்தோடு அளந்து ஒப்பிடுங்கள். இழுக்காமல் தரையில் விரித்து அளக்க வேண்டும். 550 செ.மீ. இருக்க வேண்டியது 528 ஆகியிருந்தால் 22 செ.மீ. போயிருக்கிறது, அதாவது நூற்றுக்கு நாலு. உயரமான பெண்ணுக்கு அது ஒரு கொசுவம்.

கைத்தறியா என்பதுதான் கடினம். ஓரத்தில் நெடுக ஊசித் துளைகள் இருந்தால் கைத்தறி என்று சொல்வார்கள். துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் முள் விசைத்தறியிலும் தடம் விடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. ‘செட்டிநாடு காட்டன்’ என்ற பெயரும் சான்று ஆகாது, அந்தக் கட்டமும் கரையும் விசைத்தறியிலும் ஓடுகின்றன. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு, அந்த ஊர்ப் பக்கம் நெய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று காக்கும் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. அதனால் அந்தப் பெயரை ஆதாரம் இல்லாமல் ஒட்டாதீர்கள். சங்கத்தின் பில், இந்தியக் கைத்தறி முத்திரைச் சீட்டு, தறியில் இந்த நிறம் ஓடும்போது எடுத்த வீடியோ, இவற்றில் எது உங்களிடம் இருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு அரக்குச் சேலைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“அரக்கு உடல், மஞ்சள் கட்டம், கறுப்புக் கரை. பாவும் ஊடையும் பருத்தி, 60-ஆம் நம்பர் நூல் (நெசவாளர் சங்கப் பில்லின்படி). கைத்தறி, சங்கத்தின் பில் என்னிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன். சேலை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி தனியாக 80 செ.மீ. கொஞ்சம் கனமான துணி. புதிதில் கஞ்சி விறைப்பு இருக்கும், இரண்டு மூன்று துவைப்பில் இளகும். அங்கங்கே நூல் முடிச்சும் தடித்த இழையும் உண்டு, படம் 4 பாருங்கள். அரக்குச் சாயம் இறங்கும். முதல் நான்கு துவைப்பு தனியாக, குளிர்ந்த நீரில், கையால். ஊற வைக்க வேண்டாம். ஈரத்தோடு மடித்து வைத்தால் கரையின் சாயம் உடலில் ஒட்டும், உடனே விரித்து நிழலில் காய வையுங்கள். முதல் துவைப்பில் நான் பார்த்தது: 22 செ.மீ. சுருக்கம். படம் காலை வெளிச்சத்தில் எடுத்தது. விலை 145 வெள்ளி, தபால் செலவு 10 வெள்ளி. எழுதியதற்கு மாறாக இருந்தால் ஏழு நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வேன்.”

அளவும் விலையும் உங்களுடையதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் அளக்காததை, பார்க்காததை எழுதாதீர்கள். நம்பர் நூல் தெரியாத சேலைக்கு அந்த வரியை எடுத்துவிடுங்கள். எண் ஏற ஏற நூல் மெலிசாகும். 60-ஐ 100 என்று எழுதினால் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘பட்டு போல மென்மை’ இந்தச் சேலைக்குப் பொருந்தாது. கட்டினால் விறைத்து நிற்கும், அதை விரும்பித்தான் இதை வாங்குகிறார்கள்.

‘உப்புத் தண்ணீரில் நனைத்தால் சாயம் நிற்கும்’ என்று பலர் பராமரிப்புக் குறிப்பில் எழுதுகிறார்கள். அதையும் சேர்க்காதீர்கள். சாயப் பட்டறையில் சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பு உதவும். நெய்து முடிந்த துணியில் ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தை வீட்டு உப்பு நிறுத்தாது, அது அலசித்தான் போக வேண்டும். இன்னொன்றையும் நம்மூர்க்காரர்களுக்காகச் சேருங்கள்: கஞ்சி போட்ட சேலையை மாதக்கணக்கில் பீரோவில் வைக்க வேண்டாம். இந்த ஈரக் காற்றில் பூஞ்சணம் முதலில் பிடிப்பது கஞ்சித் துணியைத்தான்.

விலையைப் பற்றி எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. பத்துப் படம் போடுகிறார்கள், கீழே ‘விலைக்கு பி.எம்.’ என்று ஒரு வரி. ஆளைப் பார்த்து விலை சொல்வதற்கு அது வசதியான வழி. மருமகள் கேட்டால் 160, மாமியார் கேட்டால் 190 என்று ஒரே சேலைக்கு நடந்ததை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். இணையத்தில் விற்பவர் பொருளின் முக்கியத் தன்மைகளையும், அனுப்பும் செலவு சேர்த்த முழு விலையையும் காட்ட வேண்டும் என்று மின்வணிக விதிமுறையே சொல்கிறது. ‘ப்யூர்’, ‘ஒரிஜினல்’, ‘சாப்ட் சில்க்’ என்ற சொற்களும் ‘விலைக்கு பி.எம்.’ போலத்தான், எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. ப்யூர் என்றால் எது ப்யூர்? நூலா, சரிகையா, நெசவா? என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு கண்காட்சியில் ‘ப்யூர் சாப்ட் சில்க்’ என்று 480 வெள்ளி கொடுத்து ஒரு சேலை வாங்கினேன். அவள் கட்டிக்கொண்டு வியர்த்து நனைந்தபோதுதான் சந்தேகம் வந்தது. மறுநாள் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை எரித்தேன், மிளகு போலக் கறுத்த மணி ஒன்று இடுக்கி நுனியில் ஒட்டிக்கொண்டது. பில்லை எடுத்துப் பார்த்தால் ‘சாரி – 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. பட்டு என்ற சொல்லே இல்லை. என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன் தங்கச்சி, படத்துக்குக் கீழே எழுதிய விவரத்தையே பில்லிலும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: நேரலையில் ‘கைத்தறிப் பட்டு’ என்று காட்டிய சேலைக்கு 350 வெள்ளி அனுப்பினேன். வந்தது வழவழவென்று பாலியஸ்டர். கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: அம்மா, கணவரிடம் சொல்லிவிடுங்கள். ஏமாற்றியவர் வெட்கப்பட வேண்டிய இடத்தில் நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை. சேலையை இனிக் கட்டவோ துவைக்கவோ வேண்டாம், வந்த உறையோடு எடுத்து வையுங்கள். நேரலைப் பதிவு இன்னும் இருந்தால், வீட்டில் வேறொருவர் கைப்பேசியிலிருந்து அந்தப் பகுதியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்களோடு நடந்த உரையாடலையும், பணம் அனுப்பிய ரசீதையும் அச்சடித்துக்கொள்ளுங்கள். ரசீதில் வங்கிக் கணக்குக்காரர் பெயர் இருக்கும், பிடி அதுதான்.

விற்றவர் மலேசியாவில் இருந்து, பெயரும் முகவரியும் தெரிந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, முதலாம் பாரத்தை நிரப்ப வேண்டும், வக்கீல் தேவையில்லை. முகவரி தெரியாவிட்டால் வங்கி ரசீதோடு போலீஸில் புகார் கொடுங்கள். உள்நாட்டு வாணிப அமைச்சிடமும் புகார் செய்யுங்கள். பொய்யான விவரம் சொல்லி விற்பது வாணிப விவரிப்புச் சட்டம் 2011-இன் கீழ் குற்றம். விற்றவர் இந்தியாவில் இருந்தால் நம் நடுவர் மன்றத்தால் அவரைப் பிடிப்பது கடினம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் உடனே பேசுங்கள்.

கேள்வி: பட்டுச் சேலையை வாஷிங் மெஷினில் போட்டேன். சுருங்கி, சரிகை முறுக்கிக்கொண்டது. ‘ட்ரை கிளீன் மட்டும்’ என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. விற்றவர் எழுதியிருக்கிறார், நீங்கள் படிக்கவில்லை.

கேள்வி: நான் வாங்கிய கைத்தறிப் பருத்திச் சேலையில் இரண்டு இடத்தில் நூல் முடிச்சு, ஓர் இடத்தில் கோடு மாதிரி ஊடை நெருக்கமாக இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: முடிச்சு குறையில்லை. தறியில் பாவு நூல் அறுந்தால் நெசவாளர் முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்ய முடியும். ஊடை நெருங்கிய கோடு, வேலையை நிறுத்தித் தொடங்கிய இடமாக இருக்கலாம். சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கோடு இருக்கும் இடத்தில் வெளிச்சம் குறைவாக வந்தால் கவலை வேண்டாம், கொசுவத்துக்குள் போய்விடும். முடிச்சுக்குப் பக்கத்தில் பொத்தல் தெரிந்தாலோ, விரலால் தள்ளும்போது நூல் விலகி வழிவிட்டாலோ அது பழுது. இன்றே படம் எடுத்து அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஒருமுறை நனைத்துவிட்டால் வாதாடுவது கடினம்.