மேன்முறையீட்டின்போது வரி வசூலுக்குத் தடை வாங்குவது

"வவுனியாவில இருக்கிறன். திருச்சியில காணி வித்ததுக்கு இந்திய வருமான வரி 5 இலட்சம் ரூபாய் கேக்கினம். மேன்முறையீடு போட்டாச்சு. இனியும் கட்டவேணுமோ?"

மேன்முறையீடு மட்டும் வசூலை நிறுத்தாது. 1961 இந்திய வருமான வரிச் சட்டத்தின் 220(6) பிரிவின்படி மதிப்பீட்டு அதிகாரியிடம் தனியே தடை கேளுங்கள், அதுவும் கேட்பு அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள். பிந்தினால் வங்கிக் கணக்கில் கைவைக்கலாம்.

இந்திய நேரடி வரிகள் மத்திய வாரியத்தின் 2017 ஜூலை 31 குறிப்பாணைப்படி வழமையாகக் கேட்பது பிணக்குத் தொகையில் 20 வீதம். முழு 5 இலட்சமும் பிணக்கென்றால் 1 இலட்சம். இணையத்தில் Regular Assessment Tax (400) என்ற தலைப்பைத் தெரிவுசெய்து கட்டுங்கள். முற்பண வரியில் போட்டுவிட்டால் இந்தக் கேட்பில் கழியாமல் நிற்கும். பற்றுச்சீட்டோடு மேன்முறையீட்டுப் படிவம் 35 இன் ஒப்புகையையும் தடை விண்ணப்பத்தில் இணையுங்கள்.

தடை கிடைத்தாலும் வட்டி நிற்பதில்லை. தோற்றால் மீதி 4 இலட்சத்துக்கு மாதம் 1 வீதம், அதாவது 4,000 ரூபாய், சேர்ந்துதான் வரும்.