1.250 கிலோ முறுக்கு 1250 கிலோ ஆன கதை

கேள்வி: வீட்டிலேயே முறுக்கு, மிக்சர் செய்து விற்கிறேன். ஆண்டுச் சந்தா கட்டி ஒரு பில்லிங் ஆப் வாங்கினேன். அண்ணன் ஜெர்மனியில் இருந்து வந்தபோது தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆப்பின் விற்பனைப் பட்டியலை அதில் காப்பி செய்து எக்செலில் ஒட்டினால் எல்லாம் தாறுமாறாகிறது. 12.50 என்பது Dez 50 என்று வருகிறது. 1,112.50 ரூபாய் விற்ற நாளுக்கு 18.598,00 € என்று மொத்தம் காட்டுகிறது. பில்லிலோ ₹ வர வேண்டிய இடத்தில் ? அச்சாகிறது. ஆப் கம்பெனியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: மொத்தம் தவறியதற்காகக் கேட்க முடியாது. அதில் ஆப் மேல் தப்பு இல்லை, லேப்டாப்பும் கெடவில்லை. பில்லில் வரும் கேள்விக்குறி வேறு விஷயம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தப்பு யார் பக்கம் என்று நீங்களே பார்த்துவிடுங்கள். ஆப்பில் காப்பி செய்த அதே பட்டியலை எக்செலுக்குப் பதில் நோட்பேடில் ஒட்டுங்கள். நோட்பேடுக்கு எண் எது, தேதி எது என்று தெரியாது. வந்த எழுத்தை வந்தபடியே காட்டும். அங்கே 12.50, 400.00, 1.250 என்று சரியாக இருந்தால் ஆப் ஒழுங்காகத்தான் அனுப்பியிருக்கிறது, வாங்கிய இடத்தில்தான் குழப்பம். நோட்பேடிலேயே தவறாக இருந்தால்தான் ஆப் கம்பெனியைக் கேட்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நோட்பேடில் சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். Dez என்பது டிசம்பருக்கு ஜெர்மன் சுருக்கம். அண்ணன் அங்கே இருந்தபோது லேப்டாப் ஜெர்மன் வழக்கப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நாம் "ஒன்று புள்ளி இரண்டு ஐந்து" என்று சொல்வதை அவர்கள் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு 1,25 என்று எழுதுவார்கள், வாயால் சொல்லும்போதும் காற்புள்ளி என்றே சொல்வார்கள். ஆயிரத்தைப் பிரிக்கத்தான் அவர்களுக்குப் புள்ளி. தேதியிலும் நாள், மாதம், ஆண்டுக்கு நடுவே புள்ளிதான் வைப்பார்கள்.

இப்போது உங்கள் பட்டியலை அந்த லேப்டாப்பின் கண்ணால் பாருங்கள். அன்றைக்கு மூன்று வரி விற்பனை என்று வைத்துக்கொள்வோம்: முறுக்கு 1.250 கிலோ, தொகை 400.00. மிக்சர் 2.500 கிலோ, தொகை 700.00. சின்ன சீடைப் பொட்டலம் ஒன்று, 12.50.

12.50 என்றதும் அது "12ஆம் மாதம், 50ஆம் ஆண்டு" என்று எடுத்துக்கொள்கிறது. அதாவது டிசம்பர் 1950. எக்செல் தேதிகளை 1900 ஜனவரி 1இலிருந்து எண்ணி வரும் நாள் எண்ணாகத்தான் உள்ளே வைத்திருக்கும். 1950 டிசம்பர் 1க்கு அந்த எண் 18,598. உங்கள் மொத்தம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? 12.50 ரூபாய்ப் பொட்டலம் மட்டும்தான் கூட்டலில் சேர்ந்திருக்கிறது, அதுவும் தேதியாக.

400.00, 700.00 இரண்டும் எங்கே போயின? புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும் குறி என்றால் அதற்குப் பின் மூன்று இலக்கம் வேண்டும். இங்கே இரண்டுதான் இருக்கிறது. தேதியாகவும் பொருந்தவில்லை. அதனால் எக்செல் அவற்றை எண்ணாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. `SUM` எழுத்தைக் கூட்டாது. எந்த எச்சரிக்கையும் வராது, சத்தமில்லாமல் விட்டுவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: எண் கட்டத்தின் வலது ஓரத்தை ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரத்தை ஒட்டி நிற்கும். தொகை வரிசையில் சிலது இடப்பக்கமும் சிலது வலப்பக்கமும் நின்றால் அங்கே கூட்டலை நம்பாதீர்கள்.

இவை இரண்டும் கண்ணில் பட்டுவிடும். எனக்குக் கவலை தருவது எடை வரிசை. 1.250இல் புள்ளிக்குப் பின் சரியாக மூன்று இலக்கம் இருப்பதால் அதை ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று படித்துவிடும். ஆனால் திரையில் ஜெர்மன் வழக்கப்படி 1.250 என்றே காட்டும்! மிக்சரின் 2.500ஐயும் சேர்த்துக் கூட்டினால் 3.750 என்று வரும். நமக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். விலையான 320ஆல் பெருக்கும்போதுதான் 400 ரூபாய்க்குப் பதில் நான்கு லட்சம் வந்து நிற்கும். கட்டத்தைச் சொடுக்கி மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். அங்கே 1250 என்று இருந்தால் எக்செல் மனதில் இருப்பது அதுதான்.

சரி, மாற்றுவது எப்படி? லேப்டாப்பின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மெனு எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது ஓர் அமைப்பு, எண்ணும் தேதியும் எப்படி எழுதப்பட வேண்டும் என்பது இன்னோர் அமைப்பு. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
intl.cpl
```

திறக்கும் பெட்டியில் Formats பகுதியில் மேலே German (Germany) என்று இருக்கும். அதை English (India) ஆக்குங்கள். பிறகு கீழே Additional settings சொடுக்கி Decimal symbol இடத்தில் புள்ளி, Digit grouping symbol இடத்தில் காற்புள்ளி, Digit grouping இடத்தில் 12,34,56,789 இருக்கிறதா, பக்கத்துக் Currency பகுதியில் ₹ இருக்கிறதா என்று பார்த்து OK கொடுங்கள். இந்த மூன்று-இரண்டு-இரண்டு பிரிப்பு இருந்தால்தான் ஒன்றேகால் லட்சம் 1,25,000 என்று நம் வழக்கப்படி வரும். எக்செலை முழுதாக மூடித் திறந்த பிறகு புதிய தாளில் ஒரு வெற்றுக் கட்டத்தில் 1.250 என்று அடித்துப் பாருங்கள். 1.25 என்று வலது ஓரத்தில் வந்தால் எல்லாம் சரி. கடைசிச் சுழி மறைவது இயல்புதான், பிழை இல்லை.

அண்ணன் திரும்பி வந்து அதே லேப்டாப்பில் தன் வேலையையும் பார்ப்பார் என்றால், விண்டோஸைத் தொடாமல் எக்செலில் மட்டும் மாற்றலாம். File, Options, Advanced என்று போய் Use system separators என்பதன் டிக்கை எடுத்துவிட்டுப் புள்ளியையும் காற்புள்ளியையும் நீங்களே போடலாம். ஆனால் இது அரை வைத்தியம்தான். தேதி வழக்கமும் € குறியும் அப்படியே நிற்கும்.

ஏற்கெனவே ஒட்டிய தாளை என்ன செய்வது? அழித்துவிடுங்கள். அமைப்பை மாற்றியதால் பழைய கட்டங்கள் திருந்தாது. 1250 ஆகிவிட்டது 1250 ஆகவே இருக்கும், டிசம்பர் 1950 தேதியாகவே இருக்கும். எடை வரிசையை ஆயிரத்தால் வகுத்துச் சரிசெய்யலாமே என்று தோன்றும். சீடைப் பொட்டலத்தின் எண்ணிக்கையான 1ஐயும் அது வகுத்துவிடும், அப்புறம் எதைத் தொட்டோம் எதைத் தொடவில்லை என்று யாருக்கும் தெரியாது. மூலப் பட்டியல் ஆப்பில் பத்திரமாக இருக்கிறது. அதையே புதிய தாளில் மறுபடி ஒட்டுவதுதான் நிம்மதி. இந்த லேப்டாப்பில் செய்த கணக்கை ஏற்கெனவே ஆடிட்டருக்கு அனுப்பியிருந்தால் அதையும் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுங்கள்.

€ பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ரூபாயை யாரும் யூரோவாக மாற்றிக் கணக்கிடவில்லை. கட்டத்துக்கு Currency என்று வடிவம் கொடுத்தால், அந்தக் கணினி எந்த நாட்டு வழக்கில் இருக்கிறதோ அந்த நாட்டுக் குறியை எக்செல் முன்னாலோ பின்னாலோ ஒட்டிக் காட்டும், அவ்வளவுதான். அதே கோப்பு உங்கள் ஆடிட்டரின் கணினியில் ₹ என்று தெரியலாம். எங்கே திறந்தாலும் ₹ ஆகவே நிற்க வேண்டும் என்றால் Format Cells போய், Currency தேர்ந்தெடுத்து, Symbol பட்டியலில் ₹ English (India) என்பதை எடுங்கள்.

இனி பில்லில் வரும் கேள்விக்குறி. நம் ரூபாய்க் குறிக்கு வயது குறைவு. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியை மத்திய அரசு ஏற்றது 2010 ஜூலையில். அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடில் சேர்ந்தது. மலிவான பில் பிரிண்டர்கள் பலவற்றில் இன்னும் அதற்கு முந்திய பழைய எழுத்து அட்டவணைதான் இருக்கிறது. ஆப் ₹ அனுப்புகிறது, பிரிண்டரிடம் அந்த எழுத்து இல்லை, ? போட்டுவிடுகிறது. ஆப்பின் பிரிண்ட் அமைப்பில் ₹ இடத்தில் `Rs.` என்று மாற்ற முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் பில்லைப் படமாக அச்சிடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். படமாக அனுப்பினால் பிரிண்டருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழும் ஒழுங்காக வரும். அச்சாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.

பணம் கேட்க உங்களுக்கு உரிமை வருவது இந்த இடத்தில்தான். பிரிண்டரின் பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ ₹ குறி அச்சாகும், தமிழ் அச்சாகும் என்று எழுதியிருந்து அது வரவில்லை என்றால், சொன்னபடி பொருள் இல்லை. அந்த வரியைப் படம் எடுத்து, ? வந்த பில்லையும் வாங்கிய ரசீதையும் சேர்த்து, விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். மாற்றித் தரவோ பணம் தரவோ மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம், அழைக்கக் கட்டணம் இல்லை. அப்படி எதுவும் எழுதப்படவில்லை என்றால் `Rs.` போட்டுக்கொண்டு அதே பிரிண்டரை வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் ₹ என்றிருந்தாலும் `Rs.` என்றிருந்தாலும் அது ரூபாய்தான்.