லைக்ரா அட்டைக்கு 120 ரூபாய் கூடக் கொடுக்கலாமா?

கேள்வி: கடையில் இரண்டு கறுப்பு லெக்கிங்ஸ் பார்த்தேன். ஒன்று 280 ரூபாய், இன்னொன்று 400 ரூபாய். இரண்டிலும் உள்லேபிளில் 95% பருத்தி, 5% எலாஸ்டேன் என்றுதான் இருக்கிறது. விலை அதிகமானதில் மட்டும் லைக்ரா அட்டை தொங்குகிறது. கடைக்காரர் "ரெண்டுமே லைக்ராதாம்மா" என்கிறார். எதை நம்புவது?

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பேச்சுவழக்கில் சொல்கிறார். நம் ஊரில் இழுத்தால் நீளும் துணி எல்லாமே லைக்ராதான். அப்படி நீளவைக்கும் நாருக்குப் பொதுப்பெயர் எலாஸ்டேன், அல்லது ஸ்பான்டெக்ஸ். லைக்ரா என்பது அந்த நாரைச் செய்யும் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். 1958-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் இந்த நாரை உருவாக்கினார். இப்போது அந்தப் பெயர் தி லைக்ரா கம்பெனி வசம் இருக்கிறது. எலாஸ்டேன் நாரைச் செய்யும் ஆலைகள் வேறு பலவும் உண்டு. ஆகவே நீங்கள் பார்த்த இரண்டிலும் இருப்பது ஒரே வகை நார். யார் செய்தது என்பதை அட்டை தொங்கும் துணி மட்டும் சொல்கிறது.

லைக்ரா கம்பெனி லெக்கிங்ஸ் தைப்பதில்லை. அது நாரை நிட்டிங் ஆலைக்கு விற்கும். ஆலை துணியைப் பின்னி, சாயம் ஏற்றி, ஆடை கம்பெனிக்கு விற்கும். இத்தனை கை மாறும்போது எந்த இடத்திலும் யாராவது மலிவான எலாஸ்டேனுக்கு மாறிவிடலாம்; துணியைப் பார்த்து யாருக்கும் தெரியாது. அதனால்தான் நார்க்காரர் அட்டை மூலம் நேரே உங்களிடம் பேசுகிறார். நீங்கள் கடையில் "லைக்ரா போட்டது இருக்கா?" என்று கேட்டால் ஆடை கம்பெனி ஆலையிடம் கேட்கும், ஆலை நார்க்காரரிடம் வரும். இதற்காகவே ஆலையின் துணியைச் சோதித்துச் சான்று தருகிறார்கள். சான்று பெற்ற துணியில் தைப்பவர்களுக்குத்தான் அட்டை.

இதில் கவனிக்க வேண்டியது, சோதனை துணியோடு நின்றுவிடுகிறது. தையல், அளவு, சாயம், பருத்தியின் தரம் எல்லாம் ஆடை கம்பெனியின் பொறுப்பு.

இப்போது அந்த 120 ரூபாயைக் கணக்குப் போடுவோம். ஒரு லெக்கிங்ஸ் 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5% என்றால் 10 கிராம் எலாஸ்டேன். சாதாரண எலாஸ்டேன் கிலோ 500 ரூபாய் என்று வைத்தால் அதன் விலை 5 ரூபாய். பெயர் பெற்ற நார் இரண்டு மடங்கு விலை என்றே கொண்டாலும் 10 ரூபாய்தான். ஆக, நாரால் கூடுவது 5 ரூபாய். மீதி 115 ரூபாய் நல்ல பருத்தி நூலுக்கோ, கனமான துணிக்கோ, நல்ல தையலுக்கோ போயிருக்கலாம். வெறும் விளம்பரத்துக்கும் போயிருக்கலாம். அதை அட்டை சொல்லாது, துணியைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு இஞ்ச் டேப் எடுத்துக்கொண்டு போங்கள். தொடைப்பகுதியில் குறுக்குவாட்டில் 10 செ.மீ. பிடித்து 15 செ.மீ. வரை இழுத்து அரை நிமிடம் வையுங்கள். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். 10 செ.மீ.க்கு அருகில் திரும்பியிருந்தால் நல்லது. 11 செ.மீ.யில் நின்றுவிட்டால் அந்தத் துணி சீக்கிரமே முட்டியில் பை போலத் தொங்கும். இது கடையில் செய்கிற தோராயச் சோதனைதான் என்றாலும் அட்டையை விட இதை நம்பலாம்.

இழுத்துப் பிடித்திருக்கும்போதே வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். கறுப்புத் துணிக்குள் வெள்ளை மினுமினுப்பு தெரிகிறதா? பருத்திக்குப் போடும் சாயம் எலாஸ்டேனில் ஏறாது. பருத்தி நூல் நெருக்கமாகப் பின்னப்பட்டிருந்தால் அது மறைந்துகிடக்கும். துணி மெல்லிசாக இருந்தால் பல்லிளிக்கும். உட்காரும்போது முட்டியில் தெரிவதும் இதுதான்.

அடுத்தது, உள்பக்கத் தையல். ஓவர்லாக் தையலை ஒட்டி மெல்லிய வெள்ளை மயிர்போல நார் நீட்டிக்கொண்டிருந்தால், ஊசி எலாஸ்டேனை அறுத்திருக்கிறது. பின்னலாடைக்கு உருண்டை முனை ஊசி போட வேண்டும். முனை தேய்ந்ததையோ கூர் ஊசியையோ போட்டால் நார் அறுபட்டு, தையல் ஓரம் அலை அலையாக வளையும். அட்டை தொங்கும் துணியிலும் இது நடக்கும், ஏனென்றால் இது நாரின் குறை அல்ல.

இன்னொரு குறையைக் கடையில் கண்டுபிடிப்பது கடினம். துணியை ஸ்டென்டர் இயந்திரத்தில் சூடேற்றி, எலாஸ்டேனை ஒரு நிலையில் படிய வைப்பார்கள். அந்தச் சூடு போதாவிட்டால் முதல் துவைப்பிலேயே துணி குறுகும், ஓரம் சுருளும். சூடு மிஞ்சினால் நார் பலமிழந்து சீக்கிரம் தளரும். கால் விளிம்பைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். சுருண்டு உருளை போல ஆனால் வாங்க வேண்டாம்.

உங்கள் இரண்டு லெக்கிங்ஸும் இந்தச் சோதனைகளில் ஒரே மாதிரி தேறினால் 280 ரூபாயே போதும். 400 ரூபாய்த் துணி கனமாக இருந்து, மினுமினுப்பும் தெரியாமல், சரியாகத் திரும்பினால் அதை வாங்குங்கள். அப்போது நீங்கள் காசு கொடுப்பது துணிக்கு.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு ஒன்று. தலைப்பில் "காட்டன் லைக்ரா" என்று போட்டிருப்பதை நார்க்காரரின் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது பேச்சுவழக்குதான். உள்லேபிளின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். எலாஸ்டேன் எத்தனை சதவீதம் என்று எழுதாத துணியைத் தவிர்த்துவிடலாம்.

கேள்வி: லைக்ரா அட்டையோடு வாங்கியது நான்கே மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிட்டது. லைக்ரா கம்பெனியிடம் புகார் செய்யலாமா?

முதலில் பில் போட்ட கடையிடமும் லேபிளில் பெயர் இருக்கிற ஆடை கம்பெனியிடமும் போங்கள். உங்களுக்கு விற்றவர்கள் அவர்கள்தான். அட்டை போலி என்று சந்தேகம் இருந்தால் மட்டும் நார் நிறுவனத்துக்கு எழுதலாம். தங்கள் பெயரைக் காப்பது அவர்களுக்கே முக்கியம் என்பதால் அப்படி வரும் தகவல் அவர்களுக்கு உதவும்.

புகாருக்கு முன் எங்கே தளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். முட்டியும் பின்பக்கமும் மட்டும் தொங்கினால் துணி திரும்பும் தன்மை குறைவு. தையல் ஓரம் மட்டும் அலைந்தால் தையல் குறை. இரண்டுமே ஆடை கம்பெனியின் பக்கம். முழு லெக்கிங்ஸும் ஒரே சீராகத் தளர்ந்திருந்தால் துவைத்த விதத்தையும் நினைத்துப் பாருங்கள். குளோரின் ப்ளீச்சும் சுடுதண்ணீரும் கடும் சூட்டு இஸ்திரியும் எந்தக் கம்பெனியின் எலாஸ்டேனையும் கெடுக்கும். லேபிளில் சொன்னதற்கு மாறாகத் துவைத்திருந்தால் அவர்கள் அதைத்தான் காட்டுவார்கள்.

கடை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பில், அட்டையின் இரு பக்கம், உள்லேபிள், தளர்ந்த இடம் என ஐந்து படம் கையில் இருக்கட்டும். வாங்கிய அன்றே அட்டையைக் குப்பையில் போடாமல் பில்லோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள். அட்டை இல்லாவிட்டால் எந்தப் பெயரைச் சொல்லி விற்றார்கள் என்பதற்கு உங்களிடம் சாட்சி இருக்காது.