விற்பனையாளரின் பதிலில் எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது?

கேள்வி: ஆன்லைனில் பொருள் விற்கும் ஒருவருக்கு வேலை பார்க்கிறேன். பொருள் பக்கத்தில் வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவர் எழுதும் பதில்களை நான் திருத்த வேண்டும். தகவல் சரியாக, சின்னதாக, எப்போதும் மரியாதையாக இருக்க வேண்டும் என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

மரியாதையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நான் புதிதில் அதைத்தான் செய்தேன். எழுத்துப்பிழையைத் திருத்தி, முன்னால் ஒரு வணக்கம், பின்னால் ஒரு நன்றி போட்டு அனுப்பிவிடுவேன். பதில் பார்க்க லட்சணமாக இருக்கும், உள்ளே இருந்த தப்பும் அப்படியே லட்சணமாக உட்கார்ந்திருக்கும். இப்போது என் வரிசை வேறு: முதலில் தகவல், அப்புறம் நீளம், கடைசியில்தான் தொனி. தகவல் மாறினால் வாக்கியமே மாறிவிடும், முன்னாடியே மெருகேற்றிய உழைப்பு வீண்.

ஒரு பதிலை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். பொருள் ஒரு பவர் பேங்க். கேள்வி இது: "என் போன் பேட்டரி 5000 எம்ஏஎச். இதில் எத்தனை தடவை சார்ஜ் ஏற்றலாம்? ஃப்ளைட்டில் கொண்டு போகலாமா? கேபிள் கூட வருமா?"

விற்பனையாளர் எழுதி அனுப்பியது:

"வணக்கம் சார், எங்கள் பொருளில் ஆர்வம் காட்டியதற்கு மிக்க நன்றி. இது ஒரிஜினல் 10000 எம்ஏஎச், உங்க போன் 5000 தான், அதனால ரெண்டு தடவை ஃபுல்லா ஏறும். ஃப்ளைட்ல தாராளமா கொண்டு போகலாம். கேபிள் தனியா வரும். டிஸ்கிரிப்ஷன்ல எல்லாமே போட்டிருக்கோம் பாருங்க. இப்போ ஆஃபர் ஓடுது, சீக்கிரம் ஆர்டர் பண்ணுங்க. சந்தேகம்னா நம்ம நம்பருக்கு கூப்பிடுங்க."

இதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் மூன்று கேள்விக்கும் வந்த பதில் அப்படியே போட முடியாதது.

"ரெண்டு தடவை" என்பது 10000-ஐ 5000-ஆல் வகுத்த கணக்கு. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 10000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு, அது 3.7 வோல்ட்டில். 10000 எம்ஏஎச் என்பது 10 ஆம்பியர் மணி, அதை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட் மணி, அதுதான் உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல். வெளியே 5 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும்போது கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். இந்தப் பவர் பேங்கின் பின்பக்கம் சின்ன எழுத்தில் 5 வோல்ட்டில் 6000 எம்ஏஎச் என்று இருந்தது. அதாவது வெளியே கிடைப்பது 30 வாட் மணி. 5000 எம்ஏஎச் போன் பேட்டரி, ஏறக்குறைய 3.85 வோல்ட் என்று வைத்தால், 19 வாட் மணி. வகுத்தால் ஒன்றரை வருகிறது. போனுக்குள் போகும்போதும் இழப்பு உண்டு, அதனால் ஒன்றேகால் தடவை என்று சொல்வதுதான் பத்திரம். ரெண்டு தடவை என்று நம்பி வாங்கியவர் "ஏமாத்திட்டாங்க" என்று எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் கணக்கையெல்லாம் பதிலில் எழுத வேண்டாம். நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே எனக்கு உதவியது பொருளின் முதுகில் இருந்த லேபிள். விளம்பரப் படத்தையும் பழைய பதில்களையும் ஆதாரமாக எடுக்காதீர்கள், பழைய பதிலில் தப்பு இருந்தால் அது வழிவழியாகப் போகும். பொருள் கையில் இல்லாவிட்டால் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விமானக் கேள்விக்கு "தாராளமா" என்று சொன்னது பாதி சரி. 100 வாட் மணிக்கு உட்பட்ட பவர் பேங்கைக் கைப்பையில் கொண்டு போகலாம். செக்-இன் செய்யும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, அளவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும். வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது இந்தப் பாதிதான், அதுதான் பதிலில் காணோம்.

மூன்றாவது, "கேபிள் தனியா வரும்". நான் இதைப் படித்தபோது பெட்டிக்குள் தனி உறையில் இருக்கும் என்று நினைத்தேன். கேட்டுப் பார்த்தால் அவர் சொன்னது, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று! பேச்சில் இரண்டுக்கும் இதே வார்த்தைதான். எழுத்தில் 'தனியா' என்று வந்தால் உடனே நிறுத்திக் கேளுங்கள். கடைசியில் நாங்கள் போட்ட பதில்:

"10000 எம்ஏஎச் மாடலில் 5000 எம்ஏஎச் போனை ஏறக்குறைய ஒன்றேகால் தடவை சார்ஜ் செய்யலாம். விமானத்தில் கைப்பையில் மட்டும் எடுத்துச் செல்லுங்கள் (37 வாட் மணி). செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. பெட்டியில் கேபிள் இல்லை, டைப்-சி கேபிள் தனியாக வாங்க வேண்டும்."

வணக்கம் போனது, ஆஃபர் போனது, போன் நம்பர் போனது. பல தளங்களில் பதிலுக்குள் தொடர்பு எண் போட்டால் பதிலையே நீக்கிவிடுவார்கள். ஆஃபர் இன்றைக்கு உண்மை, இந்தப் பதிலை ஒருவர் எட்டு மாதம் கழித்துப் படிக்கும்போது பொய். கேட்டவர் ஒருவர்தான், ஆனால் படிக்கப் போகிறவர்கள் அவருக்கு அப்புறம் வருகிறவர்களும். அதனால்தான் "10000 எம்ஏஎச் மாடலில்" என்று தொடங்கினோம். ஒரே பொருளின் எல்லா அளவுக்கும் நிறத்துக்கும் கேள்விகளை ஒரே இடத்தில் காட்டும் தளங்கள் உண்டு. 20000 மாடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் "ஒன்றேகால் தடவை" என்பதைத் தன் மாடலுக்கானது என்று எடுத்துக்கொள்வார்.

நீளத்துக்கு என்னிடம் எண்ணிக்கை விதி கிடையாது. ஒரு கேள்விக்கு ஒரு வாக்கியம், நிபந்தனை இருந்தால் இன்னொன்று. கேட்டதற்கான விடை முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். ஆனால் சுருக்குவதில் ஒரு ஆபத்து உண்டு, அதில் நானே மாட்டியிருக்கிறேன். ஸ்டீல் ஃப்ளாஸ்க் ஒன்றுக்கு "டிஷ்வாஷரில் போடலாமா?" என்று கேள்வி. விற்பவர் வளவளவென்று எழுதியிருந்தார்: மூடியைப் போடலாம், உடம்பைப் போட்டால் வெளிப்பூச்சு போய்விடும், எங்க வீட்டில் கையால்தான் கழுவுகிறோம், இப்படி. நான் ஜோராகச் சுருக்கி "மூடியுடன் டிஷ்வாஷரில் போடலாம்" என்று ஆக்கிவிட்டேன். பூச்சு உரிந்து இரண்டு ஃப்ளாஸ்க் திரும்பி வந்த பிறகுதான் என் வாக்கியத்தைத் திரும்பப் பார்த்தேன். அவர் எழுதியதில் சரியாக இருந்ததை நான்தான் கெடுத்திருந்தேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம். வெட்டும் முன் மூலப் பதிலில் 'மட்டும்', 'வரை', 'தவிர', 'இருந்தால்', 'கூடாது' ஆகிய சொற்களுக்கு அடியில் கோடு போடுவேன். வெட்டி முடித்ததும் அத்தனையும் ஏதாவது ஒரு உருவில் புதிய பதிலில் இருக்கிறதா என்று பார்ப்பேன். காணாமல் போயிருந்தால் நான் சுருக்கவில்லை, மாற்றிவிட்டேன் என்று அர்த்தம்.

இன்னொன்று, ஒற்றைச் சொல் பதில். "ரொம்ப நேரம் போட்டால் சூடாகாதா?" என்று கேள்வி, "ஆமாம்" என்று பதில். எதற்கு ஆமாம்? சூடாகும் என்பதற்கா, ஆகாது என்பதற்கா? 'இல்லை' என்று போட்டாலும் இதே குழப்பம்தான். எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை இரண்டையும் எடுத்துவிட்டு வினைச்சொல்லையே எழுதுங்கள்: "சார்ஜ் ஏறும்போது லேசாகச் சூடாகும்." சுருக்கம் கெடவில்லை, சந்தேகமும் இல்லை.

இப்போது தொனி. மரியாதை என்றாலே அதிகம் எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் மரியாதைக் குறைச்சல் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகிறது: "டிஸ்கிரிப்ஷன்ல எல்லாமே போட்டிருக்கோம்." படிக்காமல் கேட்கிறாய் என்று சொல்லும் வாக்கியம் அது, பக்கத்தில் எத்தனை 'சார்' போட்டாலும். அதை எடுத்துவிட்டு விவரத்தை இன்னொரு தரம் எழுதினால் போதும். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால், விவரம் பக்கத்தில் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது என்று விற்பவரிடம் சொல்லிவிடுவேன்.

'சார்', 'மேடம்' இரண்டையும் விட்டுவிட்டேன். கேட்டவர் யார் என்று தெரியாது, ஊகித்தால் பாதி நேரம் தப்பாகும். 'நீங்கள்' என்பதே போதுமான மரியாதை. அடுத்தது வினைமுற்று. ஒரு பதிலில் 'பாருங்கள்', அடுத்ததில் 'பார்க்கவும்', மூன்றாவதில் 'பாருங்க' என்று இருந்தால் மூன்று பேர் எழுதுவது போலத் தெரியும், பல நேரம் உண்மையிலேயே மூன்று பேர்தான். நான் '-உங்கள்' எடுத்துக்கொண்டேன், '-வும்' எனக்கு அறிவிப்புப் பலகை போலத் தோன்றுகிறது. உங்கள் விற்பனையாளருக்கு '-வும்' பிடித்தால் அதையே வையுங்கள், கலக்காமல் இருந்தால் சரி.

'மன்னிக்கவும்' என்பதைச் சிக்கனமாக. "மன்னிக்கவும், இதில் வயர்லெஸ் சார்ஜிங் இல்லை" என்றால், இருக்க வேண்டிய ஒன்று இல்லாதது போல ஆகிறது. "இந்த மாடலில் வயர்லெஸ் சார்ஜிங் இல்லை" என்பது நேராகவும் பணிவாகவும் இருக்கிறது. பக்கத்தில் தப்பான அளவு போட்டிருந்து ஒருவர் அதைச் சுட்டிக் காட்டினால், அங்கே மன்னிப்புக் கேட்க வேண்டும், அளவையும் அன்றே திருத்த வேண்டும்.

ஒருசில கேள்விகள் கேள்வியே இல்லை. "ஏன் இவ்வளவு மட்டமான பொருளை விற்கிறீர்கள்?" என்று வரும். விற்பவர் கோபத்தில் ஒரு பத்தி எழுதித் தருவார், அதை நயமாக்கித் தாருங்கள் என்பார். நயமான சண்டையும் சண்டைதான். அதில் பதில் சொல்லக்கூடிய விவரம் ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் பதில், இல்லாவிட்டால் "உங்கள் ஆர்டரில் குறை இருந்தால் ஆர்டர் பக்கத்தின் வழியாக எழுதுங்கள், பார்த்துச் சரிசெய்கிறோம்" என்று ஒரு வரி. அந்த வரியைப் போடும் முன் உண்மையாகவே யாராவது பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விடை தெரியாவிட்டால் நீங்களாக நிரப்பாதீர்கள். கேள்வியை விற்பவருக்கே திருப்பி அனுப்புங்கள், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. நான் அனுப்பும் குறிப்பில் "சரியா?" என்று கேட்பதில்லை, அதற்கு "சரி" என்றுதான் வரும். "லேபிளில் 5 வோல்ட்டுக்கு எதிரில் என்ன எண் இருக்கிறது?" என்று கேட்டால் எண் வரும்.

முதல் வாரத்தில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். ஏற்கனவே போட்டிருக்கும் பதில்களில் 'இப்போ', 'இன்னும்', 'சீக்கிரம்', 'அடுத்த வாரம்', 'தனியா' ஆகிய சொற்களைத் தேடுங்கள். நான் தேடியபோது முதலில் அகப்பட்டது "கருப்பு நிறம் அடுத்த வாரம் வரும்" என்ற பதில். போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது, கருப்பு வரவே இல்லை.