பாதியில் நின்ற ஆண்டு சந்தா: எவ்வளவு திருப்பித் தருவது?

கேள்வி: காரைக்குடியில் இருந்துகொண்டு, வெளியூர்க்காரர்களின் எட்டு பெரிய வீடுகளைப் பராமரிக்கிறேன். வீட்டுக்கு ஆண்டு சந்தா 36,000 ரூபாய், ஏப்ரல் 1 அன்று மொத்தமாக வாங்கிவிடுவேன். இதில் மழைக்கு முன் ஓடு மாற்ற 6,000 அடக்கம். எல்லா வீட்டிலும் அந்த வேலை முடிந்துவிட்டது. கானாடுகாத்தான் ஆச்சி ஆகஸ்ட் 31-உடன் நிறுத்தச் சொல்கிறார். எவ்வளவு தர வேண்டும்? 2 லட்சம் மச்சினன் கடைக்குக் கொடுத்துவிட்டேன். செயலியில் உடனடிக் கடன் வாங்கலாமா?

பதில்: கடன் வேண்டாம். முதலில் ஆச்சியின் கணக்கை முடிப்போம்.

மாதக் கணக்காகப் போடாமல் நாள் கணக்காகப் போடுங்கள். ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை 153 நாள். மீதி 212 நாள். 36,000-ஐ 365-ஆல் வகுத்து 212-ஆல் பெருக்கினால் சுமார் 20,910 ரூபாய். நீங்கள் வேலை நிறுத்திய நாளைத்தான் கடைசி நாளாக எடுக்க வேண்டும், ஆச்சி போன் செய்த நாளை அல்ல.

ஆனால் உங்கள் வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. தினமும் கதவு திறந்து, வளவைக் கூட்டி, விளக்கேற்றுவது நாளுக்கு நாள் நடக்கும். ஓடு மாற்றுவது ஒரே தடவை, அதுவும் முடிந்துவிட்டது. அதனால் 6,000-ஐத் தனியாக எடுத்துவிட்டு, மீதி 30,000-க்கு மட்டும் நாள் கணக்குப் போட்டால் 17,425 வரும். ஏப்ரலில் கொடுத்த ரசீதில் அந்த 6,000 தனி வரியாக இருந்தால் இதைத் தாருங்கள். இல்லையென்றால் 20,910-ஐயே கொடுத்துவிடுங்கள். வாங்கும்போது சொல்லாத கழிவைத் திருப்பித் தரும்போது சொன்னால் ஆச்சி ஏற்க மாட்டார், ஏற்கவும் வேண்டியதில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது மச்சினன் விஷயம். ஏப்ரலில் கைக்கு வந்த 2,88,000 உங்கள் வருமானம் இல்லை. வேலை செய்யச் செய்யத்தான் அது உங்களுடையதாகும். ஆகஸ்ட் கடைசியில்கூட, ஓட்டு வேலையைக் கழித்த பிறகும், எட்டு வீட்டுக்கும் சேர்த்து சுமார் 1,40,000 ரூபாய் வேலை பாக்கி இருக்கிறது. அதிலிருந்துதான் மார்ச் வரை ஆட்களுக்குச் சம்பளம் போக வேண்டும். அடுத்தவர் பணத்தை எடுத்துத்தான் மச்சினனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

செயலிக் கடனில் பெரும்பாலும் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் பணமே கைக்கு வரும், வட்டியும் உடனே ஓட ஆரம்பித்துவிடும். ஆச்சிக்குத் தர வேண்டிய தொகையை மச்சினன் இந்த மாதமே தரட்டும். மீதிக்கு மாதத் தவணை பேசி, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தங்கை என்ன நினைப்பாளோ என்று தயங்க வேண்டாம்.

அப்புறம், சந்தாவுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு திறங்கள். அடுத்த ஏப்ரலில் வரும் பணம் முழுவதும் அதில் போகட்டும். மாதம் வீட்டுக்கு 2,500 மட்டும் உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள், ஓட்டு வேலை முடிந்ததும் 6,000-ஐ எடுங்கள். ரசீதில் ஓட்டு வேலைக்குத் தனி வரியும், ‘பாதியில் நிறுத்தினால் மீதி நாளுக்குப் பணம் திரும்பும்’ என்ற வரியும் இருக்கட்டும்.

ஆச்சிக்குப் பணம் அனுப்பும்போது இந்தக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள்.