செறிவூட்டிய பால் சைவர்களுக்குப் போதுமா?

"சௌகார்பேட்டையில் இருக்கிறோம், சுத்த சைவம். மூன்று பேருக்கு தினம் அரை லிட்டர் +F பால். வைட்டமின் டி, பி12 இரண்டுக்கும் அது போதுமா?"

போதாது. +F முத்திரை உள்ள பாலில் சேர்ப்பது ஏ, டி மட்டுமே. பி12 பாலில் இயல்பாக இருப்பதுதான்.

முதலில் பி12. பெரியவருக்கு தினம் 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். 100 மில்லி பாலில் சுமார் 0.4 இருக்கும். மூவரும் பகிர்ந்தால் ஆளுக்கு 170 மில்லி, அதாவது 0.7 தான். திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தால் அதிலும் குறையும். ஒருமுறை பொங்கியதும் இறக்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் பாலும், இரண்டு கிண்ணம் கெட்டித் தயிரும் சேர்ந்தால் தேவையை நெருங்கலாம். நீர்மோரைத் தயிர்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் பெரும்பாலும் தண்ணீர்தான்.

டி விஷயம் வேறு. லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் வரைதான் சேர்க்கிறார்கள். தேவையோ தினம் 600. பாலை மட்டும் நம்பினால் இரண்டு முதல் மூன்று லிட்டர் குடிக்க வேண்டும், அது நடக்காது. மொட்டைமாடி வெயில்தான் பெரிய பங்கைத் தரும்.

பாதம் மரத்துப்போவது, நாக்கு சிவந்து எரிவது இருந்தாலோ, வீட்டில் யாராவது சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டாலோ தயிரைக் கூட்டிப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்து, குறைவென்றால் மருத்துவர் சொல்லும் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளுங்கள்.